ஒரு மணிக்கு வராத அழைப்பு

மத்தியானம் ஒரு மணிக்கு, கூட வேலை பார்க்கும் நோர்மாவின் கைபேசி அடித்தால் ரூபினிக்குச் சோறு தொண்டையில் இறங்காது. அடிப்பது நோர்மாவின் புருஷன். பேசுவதிலும் ஒன்றும் பெரிய விஷயம் இருக்காது. மீன் வாங்கினேன், சின்னவனுக்குச் சளி, கார் டயரில் காற்றில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு நோர்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் ரூபினிக்கு அடிவயிறு எரியும். இத்தனைக்கும் நோர்மா நல்லவள். பொறாமைக்கு ஆள் நல்லவளா கெட்டவளா என்பது ஒரு கணக்கா என்ன?

இரண்டு வாரத்துக்கு முன்புவரை ஒரு மணிக்கு ரூபினியின் கைபேசியும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதிவு மேசை வேலை. காலை ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவாள். அவள் கணவன் லோகேஸ்வரனுக்குப் பிறையில் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அவன் பாலம் தாண்டி வீடு வந்து சேர எட்டாகும். சாயங்காலம் அவள் திரும்பிக் குளித்துச் சமைப்பதற்குள் அவன் கம்பெனி பஸ் கீழே வந்து நின்றுவிடும். ஒரே கட்டிலில் முறை போட்டுத் தூங்குகிற குடித்தனம். அதனால்தான் அந்த ஒரு மணி. அவன் பன்னிரண்டரைக்கு எழுந்து முகம் கழுவிவிட்டுக் கூப்பிடுவான். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதன், போனில் என்றால் நன்றாகப் பேசுவான். கல்யாணத்துக்கு முன்பும் அப்படித்தான், ஆறு வருஷம் கழித்தும் அப்படித்தான்.

போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழன் அவன் கைபேசி குளியலறை வாளிக்குள் விழுந்தது. கடைக்காரன், போர்டு போய்விட்டது, சாமான் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றான். வேறு ஒன்று மலிவாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ரூபினி சொன்னாள். இப்போது வேண்டாம் என்றான். ஏன் வேண்டாம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு தொலைபேசி இருந்தது. ஜெலுத்தோங்கில் அந்தப் பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கியபோது கூடவே வந்தது. சுவரிலிருந்து கம்பி, திரை கிரை ஒன்றும் இல்லாத, பொத்தான் மட்டும் வைத்த பெட்டி. ரூபினியின் எண் மாறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அவனுக்கு மனப்பாடம் இல்லை. கைபேசி வந்தபிறகு யாருக்கு யாருடைய எண் தெரிகிறது? சாயங்காலம் அவன் பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் தன் எண்ணை எழுதி, தொலைபேசிக்கு அடியில் செருகினாள்.

"நம்பர் எழுதி வெச்சிருக்கேன். ஒரு மணிக்கு அடிங்க."

"அடிக்காம?" என்றான்.

மறுநாள் அழைப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தூங்கிவிட்டிருப்பார் என்று முதல் நாள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் நாள் சமாதானம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், மானத்தை விட்டு, ஒன்று ஐந்துக்கு அவளே வீட்டுக்கு அடித்தாள். லைன் பிஸி. ஒன்று பத்துக்கும் பிஸி. ஒன்று இருபதுக்கும் பிஸி.

நோர்மா எதிரே உட்கார்ந்து, கடையிலிருந்து டாபாவ் கட்டி வந்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, அண்ணே இன்னைக்கும் அடிக்கலையா?"

"போன் ரிப்பேர்லா."

"ஓ," என்றாள் நோர்மா. அந்த ஓவில் ஒன்றுமில்லை. ஆனால் ரூபினி அதைச் சாயங்காலம்வரை தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குப்பின் தினம் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்கு அடிப்பாள், தினமும் பிஸி. தனக்குக் கூப்பிடாத மனிதன் வேறு யாருடனோ பேசுகிறான். எவளுடனோ என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இரண்டு நாள் கூட ஆகவில்லை. நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் கெஞ்சுகிறாற்போல் ஆகிவிடும் என்று இருந்துவிட்டாள். ரோஷக்காரி. அதைவிட மோசம், அவனும் மாறியிருந்தான். சாயங்காலம் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் கைபேசி எங்கே கிடந்தாலும் அதையே ஒரு மாதிரி பார்ப்பான்.

"மத்தியானம் என்ன பண்ணீங்க?" என்று செவ்வாய்க்கிழமை கேட்டுப் பார்த்தாள்.

"என்ன பண்றது. நீ ரொம்ப பிஸி, நான் சும்மா இருக்கேன்."

"யார் பிஸி? நானா?"

"பின்னே?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் குறுகுறுக்கவும் இல்லை, எதிர்த்துக் குத்துகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. அது முனை திரும்புகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு வந்து தொலைபேசி முன்னால் உட்கார்ந்தாள். கடைசியாக அழைத்த எண்ணை மறுபடி அழைக்கிற பொத்தான் ஒன்று அதில் இருந்தது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை அழுத்தினாள். உள்ளே டிக் டிக்கென்று எண்கள் ஓடின. மணி அடித்தது.

"ஹலோ," என்றது ஒரு பெண்குரல். மூச்சு வாங்குகிற, சிரிப்பு கலந்த குரல்.

ரூபினி வாய் திறக்கவில்லை.

"தம்பியா? என்ன தம்பி இந்நேரத்துல? அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா?"

ரூபினி போனை வைத்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும் அந்தக் குரலுக்கு. தம்பியாம். சொல்லிட்டீங்களாவாம். எதைச் சொல்ல வேண்டும்? அவங்க என்றால் யார்? அவள்தான், ரூபினிதான், வேறு யார்? இந்த வீட்டு விஷயம் அந்த வீட்டில் அடுப்பில் வேகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தக் குரல் இனிமையாக இருந்ததுதான் தாங்கவில்லை. கர்ணகடூரமாக இருந்திருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தைப்பிங்கில் இருக்கும் அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணே, சனிக்கிழமை காரை எடுத்துக்கிட்டு வாங்க. கொஞ்ச நாள் அங்க இருக்கேன்." அண்ணன் ஏன் என்று கேட்டான். வந்தபின் சொல்கிறேன் என்றாள். அன்றே பெட்டியை இறக்கிப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். கல்யாணப் பட்டுப்புடவையை வைப்பதா வேண்டாமா என்று மட்டும் முடிவாகவில்லை, அது பெட்டிக்கும் அலமாரிக்குமாக இரண்டு தடவை போய் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். நோர்மா மருந்தகத்திலிருந்து பதிவு மேசைக்கு மாறி வந்து ஒரு மாதம்தான். மேசைத் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தாள்.

"அக்கா, இந்தப் பேஷண்டோட மகனுக்கு மூணு தடவை அடிச்சுட்டேன். மூணு தடவையும் யாரோ தையல்காரம்மா எடுக்கிறாங்க. மகன் நம்பரைத் தப்பா குடுத்துட்டாரு போல."

ரூபினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்தது. இதை அவள் பத்துப் பேருக்காவது சொல்லிக் கொடுத்திருப்பாள்.

"நம்பர் சரிதான். நீ அடிச்சதுதான் தப்பு. என்னன்னு அடிச்சே?"

"வெளி லைனுக்கு ஒன்பது. அப்புறம் இங்க இருக்கிற மாதிரியே, ஆறு, பூஜ்யம், ஒண்ணு..."

"அங்கதான் தப்பு. இந்த சிஸ்டம் பேஷண்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புது இல்ல, அதுக்கு நாட்டு நம்பரோட இருக்கணும். அதான் எல்லாருக்கும் அறுபதுன்னு ஆரம்பிக்குது. ஹேண்ட்போன்ல கூட்டல் குறி போட்டு அதை அடிச்சா, இது நாட்டு நம்பர்னு அதுக்குத் தெரியும். இந்த மேசை போனுக்கு எப்படித் தெரியும்? நம்ம ஊர் வீட்டு நம்பர் எத்தனை எண்?"

"ஏழு."

"ஆறுல ஆரம்பிக்கிற வீட்டு நம்பர் பினாங்குல இல்லையா?"

"இருக்கே. எங்க மாமி வீடே ஆறுதான்."

"அப்ப நீ ஆறுன்னு ஆரம்பிச்சா, எக்ஸ்சேஞ்சு இது உள்ளூர் வீடுன்னு நினைச்சுக்கும். ஏழு எண் வந்தா போதும், மணி அடிச்சுடும். மிச்சத்தை நீ அழுத்திக்கிட்டே இருக்கலாம், கேட்கிறதுக்கு ஆள் இல்ல. முன்னால பூஜ்யம் போட்டாத்தான், ஓ, இது உள்ளூர் வீடு இல்ல, வெளியே போறதுன்னு அதுக்குப் புரியும். ஆறை எடுத்துட்டு பூஜ்யத்துல ஆரம்பி. வீட்டுப் போன்ல இருந்து அடிச்சாலும் அப்படித்தான், ஒன்பது மட்டும்தான் வேணாம். பூஜ்யம் இல்லன்னா எவளோ ஒருத்தி வீட்டுல..."

பாதியில் நிறுத்தி, நாற்காலியைத் தன் மேசைக்கே தள்ளிக்கொண்டு போனாள்.

ரூபினி சொன்னபடி நோர்மா அழுத்தினாள். முதல் மணியிலேயே மகன் எடுத்தார். நோர்மா சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தபோது ரூபினி தன் மேசையில் இருந்த காகிதத்தில் தன் சொந்த எண்ணை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாக அறுபதில் ஆரம்பித்தது. எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு எண் அப்படித் தட்டிய கை.

அன்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டில் லோகேஸ்வரன் இல்லை. கைபேசிக் கடைக்குப் போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் சீட்டு எழுதி வைத்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியைத் தூக்கி, அடியில் கிடந்த நாள்காட்டித் தாளை எடுத்தாள். அவள் எழுத்து. ஆறு, பூஜ்யம், ஒன்று, ஆறு, நான்கு. யாரோ நோயாளிக்கு எழுதுகிறாற்போல் சுத்தமாக எழுதியிருந்தாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், வீட்டுக்காரனுக்கு எழுதிக் கொடுத்த லட்சணம் இது.

தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஏழாவது எண்ணை அழுத்திவிட்டு எட்டாவதுக்கு விரலைக் கொண்டுபோவதற்குள் மணி அடித்தது.

"ஹலோ."

அதே குரல்.

பத்து நாளாக அவள் கறுவிக்கொண்டிருந்த அந்த எண், அவளுடைய எண்ணின் முதல் ஏழு. இதைச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரூபினி, "அக்கா, நான் லோகேஸ்வரனோட வைஃப் பேசுறேன்," என்றாள்.

"யா அல்லா, தங்கச்சியா? ஒரு வழியா லைன் கிடைச்சுதா?" அந்தக் குரல் உண்மையாகவே மகிழ்ந்தது. "நான் ஹபீபா பீவி. குளுகோர்ல இருக்கேன், வீட்டுலயே ரோத்தி ஜாலா சுட்டுக் குடுக்க ஆர்டர் எடுக்கிறேன். மொத நாள் தம்பி அடிச்சப்ப ஆர்டருக்குத்தான்னு நினைச்சு எத்தனை பேருக்குன்னு கேட்டேன். பாவம், மறுபடி மறுபடி எனக்கே வருது. ரெண்டாம் நாளும் அப்படித்தான். சரி, நம்பரைச் சொல்லுங்க தம்பி, நான் அடிச்சுப் பார்க்கிறேன்னேன். அடிச்சா பிஸி. தினம் பிஸி. உங்க வீட்டுல ரொம்ப பேசுவாங்க போலன்னு தம்பிகிட்ட சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க எந்தப் போன்ல இருந்து அடிச்சீங்க?"

"இதோ, இதே போன்தான்."

"அறுபதுன்னு ஆரம்பிச்சா?"

"தம்பி சொன்ன மாதிரியேதான்."

தன் வீட்டிலிருந்து தன் வீட்டுக்கே அடித்திருக்கிறாள் மனுஷி. பிஸியாக இல்லாமல் என்ன செய்யும்? எண்ணை இரண்டிரண்டாக ஒருவர் சொல்ல எழுதிக்கொண்டு, போனை வைத்துவிட்டு அழுத்தும்போது அது தன் எண் என்று யாருக்கு உறைக்கும்? அதை ரூபினி விளக்கிச் சொன்னாள். அதைக் கேட்டு ஹபீபா பீவி சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது. ரூபினியும் சிரித்தாள். ஒரு மணிக்கு யாரிடம் அப்படி அளக்கிறாள் என்று தினம் வெந்துகொண்டிருந்தவன் அவன். அவன் பிஸி என்று வெந்துகொண்டிருந்தவள் இவள். நல்ல ஜோடி.

சிரித்து முடித்தபின்தான் அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. "அக்கா, அன்னைக்கு என்னமோ கேட்டீங்களே. சொல்லிட்டீங்களான்னு. எதை?"

"புதன்கிழமை நீங்களா பேசாம வெச்சது?" ஹபீபா பீவி தயங்கினாள். "அதை தம்பியே சொல்லட்டுமே."

"சொல்லுங்கக்கா."

"தம்பி வேலை பார்க்கிற கிலாங்குல அவரு இருக்கிற லைனை மூடுறாங்களாம். இந்த மாசக் கடைசியோட வேலை இல்ல. அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு மொத நாள்ல இருந்து அடிச்சிருக்காரு. நேர்ல சொல்ல வாய் வரல, போன்ல சொல்லிடுவேன்னாரு. எங்கிட்டச் சொல்லி அழுதுட்டாரு தங்கச்சி. நான்தான், ஒண்ணும் ஆகாது, மாக் மண்டின்ல எங்க அண்ணன் பட்டறை இருக்கு, கேட்டுப் பார்க்கிறேன்னு..."

ரூபினி நன்றி சொல்லி வைத்தாள். எண் விஷயம் தீர்ந்துபோயிற்று. வயிற்றெரிச்சல் மட்டும் தீரவில்லை. இதுவரை இல்லாததற்கு எரிந்தது, இப்போது இருக்கிறதற்கு எரிந்தது. அழுதானாம். ஆறு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவன் அப்பா இறந்தபோதுகூட மாடிப்படியில் போய் நின்றுகொண்டவன். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அழுகை குளுகோரில் ரோத்தி ஜாலா சுடுகிற ஒரு பெண்பிள்ளைக்குப் போய்விட்டது. அந்தப் பெண் நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள்.

நாலேமுக்காலுக்கு லோகேஸ்வரன் வந்தான். கையில் கைபேசி இல்லை, சாமான் இன்னும் வரவில்லையாம். பிரிப்பதற்காகக் கட்டிலுக்கடியிலிருந்து அவள் கூடத்துக்கு இழுத்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று.

"போறியா?" என்றான். "போறதுன்னா போ. அந்த ஆள் யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. தினம் ஒரு மணிக்கு உன்கூட பேசுறவன்."

ஒரு வாரத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். ரூபினி நாள்காட்டித் தாளை அவன் முன் வைத்தாள். மேசையிலிருந்த பேனாவை எடுத்து, முன்னால் இருந்த ஆறைக் கோடு போட்டு அடித்தாள்.

"இது வேணாம். பூஜ்யத்துல இருந்து அடிங்க."

"என்ன?"

"என் மேலதான் தப்பு. ஆஸ்பத்திரி நம்பர் மாதிரி எழுதிட்டேன். அடிங்க, சொல்றேன்."

அவன் புரியாமல் தொலைபேசி முன் உட்கார்ந்தான். அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கூடத்தில் பொத்தான்கள் மெதுவாக அழுந்துகிற சத்தம் கேட்டது. பத்தும் அழுந்தியபின் கொஞ்சம் இடைவெளி. பிறகு அவள் கையில் அடித்தது. திரையில் அவள் வீட்டு எண்.

இரண்டு வாரம் கழித்து வருகிற அழைப்பு. மூன்று தடவை மணி அடிக்கவிட்டுத்தான் எடுத்தாள்.

"ரூபி?" என்றான். கதவு வழியாக ஒரு குரல், காதில் ஒரு குரல்.

"ம். ஹபீபா அக்காகிட்ட என்ன சொன்னீங்களோ அதை எங்கிட்டச் சொல்லுங்க."

அவன் தாளை மடித்துப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்று பொய் சொன்னாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க. அந்தம்மாகிட்ட சொன்னதுல ஒரு வார்த்தை குறையக் கூடாது."

"பஸ் வந்துடும் ரூபி."

"வரட்டும். அதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். குரல் உடைந்தபடிதான் ஆரம்பித்தான். அவள் எழுந்து கதவைத் திறக்கவில்லை, திறந்தால் அவன் நிறுத்திவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். கைபேசியை இன்னும் அழுத்தமாகக் காதில் வைத்துக்கொண்டு, "ம்," என்றாள். "அப்புறம்?"